ஈசூன் வீட்டில் வெடித்த பிரியாணிப் பாத்திரம்

தீபாவளிக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, மதியம் ஒன்றேகால் மணி. அண்ணியிடமிருந்து போன். “தம்பி, பிரியாணி வெடிச்சிடுச்சு” என்றார். முதலில் குக்கர் என்றுதான் நினைத்தேன். கண்ணாடிப் பாத்திரம் என்றதும் நான் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: யாருக்கும் அடி படவில்லையே? இல்லை. “அப்போ எதையும் கூட்டிப் பெருக்காதீங்க அண்ணி, நான் வரேன்” என்று கிளம்பினேன்.

பொருள்கள் ஏன் உடைந்தன என்று பார்த்துச் சொல்லும் ஆய்வுக்கூடம் ஒன்றில் 18 ஆண்டுகளாக வேலை செய்கிறேன். பெரும்பாலும் போல்ட்டுகள், குழாய் இணைப்புகள், பம்புத் தண்டுகள். கண்ணாடி அபூர்வமாகத்தான் வரும். அதனால் ஈசூன் வீட்டுக்குப் போகும்போது கொஞ்சம் ஆர்வமும் இருந்தது என்பதை மறைக்க மாட்டேன். மூன்று கிலோ மட்டன் பிரியாணியை இழந்தவரிடம் அதைச் சொல்ல முடியாதே.

நடந்ததை அண்ணியும் அண்ணன் மகனும் மாறி மாறிச் சொன்னார்கள். மட்டன் மசாலா தனியாக வெந்திருந்தது. அரிசியை முக்கால் பதத்தில் வடித்து, மூன்று லிட்டர் செவ்வகக் கண்ணாடிப் பாத்திரத்தில் மசாலாவும் சோறுமாக அடுக்கி, மேலே அலுமினியத் தாள் மூடி, 180 டிகிரி சூட்டில் ஓவனுக்குள் 35 நிமிடம் தம் போட்டிருக்கிறார். வெளியே எடுத்தபோது மேசை முழுக்க முறுக்குத் தட்டுகள். வேறு இடம் இல்லாததால் சிங்க்கை ஒட்டிய எவர்சில்வர் வடிதட்டின்மேல் வைத்துவிட்டார். சற்று முன்புதான் சோறு வடித்த இடம் அது. ஈரம் காயவில்லை. வைத்ததும் “ஸ்ஸ்” என்று சத்தம் வந்ததாம். தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்தால் வருமே, அதே சத்தம்.

பாத்திரம் அப்போது உடையவில்லை. இரண்டு நிமிடம் கழித்து, அண்ணி சாலட்டுக்கு வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தபோது டொப்பென்று வெடித்திருக்கிறது. யாரும் தொடக்கூட இல்லை. “சும்மா இருந்துச்சு தம்பி, தானா வெடிச்சுது. ஓவன் சேஃப்னு அடியில எழுதித்தானே இருக்கு?”

பையன் மட்டும் ஒன்று சேர்த்துச் சொன்னான். “வெடிக்கிறதுக்கு முன்னாடி டிக்னு ஒரு சத்தம் கேட்டுச்சு சித்தப்பா. லேசா. ஃபிரிட்ஜ்னு நினைச்சேன்.” அதைக் குறித்துவைத்துக்கொண்டேன்.

முதலில் சோற்றை என்ன செய்வது என்ற கேள்வி. மேல் அடுக்கு மட்டும் நன்றாக இருக்கிறதே, அதை எடுத்துவிடலாமா என்று அண்ணன் கேட்டார். கூடாது. வெடித்த கண்ணாடியிலிருந்து கண்ணுக்கே தெரியாத ஊசித் துகள்கள் பறக்கும். பாஸ்மதி அரிசிக்கு நடுவே அவற்றைத் தேடி எடுக்க யாராலும் முடியாது. மொத்தமும் குப்பைக்குப் போனது. துண்டுகளை மட்டும் தடித்த கையுறை போட்டுப் பொறுக்கிக் கழுவி, பழைய தமிழ் முரசு விரித்து அடுக்கினேன்.

துண்டுகளைப் பார்த்ததும் பாதி தெரிந்துவிட்டது. கார்க் கண்ணாடி போலக் கற்கண்டு கற்கண்டாகச் சிதறவில்லை. சாதாரணக் கண்ணாடி போல நாலைந்து பெரிய வாள்களாகவும் பிளக்கவில்லை. விரல் நீளக் குச்சிகளும் நகம் அளவுக் கட்டிகளும் ஏராளம், மூலைகளில் மட்டும் உள்ளங்கை அளவுத் துண்டுகள். சூடாக்கிச் சட்டென்று குளிரவைத்து வலுவேற்றிய, அதாவது லேசாக டெம்பர் செய்த சமையல் கண்ணாடி இப்படித்தான் உடையும். ஆனால் பார்த்த கண் பொய் சொல்லலாம், எடைக்கல் சொல்லாது. அண்ணியின் சமையலறைத் தராசிலேயே அடர்த்தியை அளந்துவிட முடியும்.

ஒரு கைப்பிடித் துண்டுகளை மெல்லிய வலைப்பையில் போட்டு எடை பார்த்தேன், பையின் எடை போக 151 கிராம். பிறகு ஒரு கிண்ணம் தண்ணீரைத் தராசில் வைத்து, எண்ணைச் சுழியமாக்கி, வலைப்பையை நூலில் கட்டித் தண்ணீருக்குள் தொங்கவிட்டேன். அடியிலும் பக்கத்திலும் படக்கூடாது, ஒட்டியிருக்கும் காற்றுக் குமிழிகளை உதறிவிட வேண்டும். தராசு 61 கிராம் கூடுதலாகக் காட்டியது. அதாவது கண்ணாடியின் கன அளவு 61 மில்லிலிட்டர். வகுத்தால் 2.48. ஜன்னலுக்கும் பாட்டிலுக்கும் பயன்படும் சோடா-சுண்ணாம்புக் கண்ணாடி ஏறக்குறைய 2.5 வரும். சூட்டைத் தாங்குவதற்கென்றே செய்யும் போரோசிலிகேட் கண்ணாடி 2.23 வரும். ஒரு கிராம் முன்பின் இருந்தாலும் இரண்டையும் குழப்பிக்கொள்ள வாய்ப்பில்லை. ஆக, வெடித்தது டெம்பர் செய்த சோடா-சுண்ணாம்புக் கண்ணாடி.

“அத்தை பாத்திரம் இருபது வருஷமா ஓவனுக்குள்ள போய் வருது, அதுக்கு ஒண்ணும் ஆகலையே” என்றார் அண்ணி. அத்தை என்றால் என் அம்மா. ஊருக்குத் திரும்பிப் போனபோது அம்மா இங்கேயே விட்டுச் சென்ற பழைய முட்டை வடிவப் பாத்திரம், இரண்டு பக்கமும் சின்னக் காது வைத்தது. அலமாரியிலிருந்து எடுத்துக் கொடுத்தார். உடையாத பாத்திரத்தை எப்படிச் சோதிப்பது? அதற்கு எண்ணெய் போதும். ஒரு கிண்ணத்தில் சூரியகாந்தி எண்ணெய் ஊற்றி, பாத்திரத்தைச் சாய்த்து ஒரு காதை உள்ளே இறக்கினேன். காது மறைந்துவிட்டது. எண்ணெய் மட்டத்துக்கு மேலே கண்ணாடி தெரிகிறது, கீழே எண்ணெய் மட்டும்தான். பையன் விரலை விட்டுத் தடவிப் பார்த்தான், இருக்கிறது. எடுத்தால் மறுபடி வருகிறது. வெடித்ததன் துண்டு ஒன்றை அதே எண்ணெயில் போட்டால் அதன் விளிம்புகள் பளிச்சென்று தெரிந்தன.

ஒளி எண்ணெயில் எவ்வளவு வளைகிறதோ ஏறக்குறைய அவ்வளவே போரோசிலிகேட்டிலும் வளையும். இரண்டின் ஒளிவிலகல் எண்ணும் 1.47. எல்லையில் ஒளி திரும்பாததால் கண்ணுக்கு எல்லையே தெரிவதில்லை. சோடா-சுண்ணாம்புக் கண்ணாடிக்கு 1.52, அதனால் காட்டிக்கொடுத்துவிடும். அம்மாவின் பாத்திரம் போரோசிலிகேட் என்பது உறுதியாயிற்று. அடியில் இருக்கும் பெயரை நம்பி இதைச் சொல்லிவிட முடியாது. 1915-ல் அமெரிக்காவின் கார்னிங் நிறுவனம் பைரெக்ஸ் என்ற பெயரில் போரோசிலிகேட் பாத்திரங்களை விற்கத் தொடங்கியது. பின்னாளில் அதே பெயரில் அமெரிக்கச் சந்தைக்கு டெம்பர் செய்த சோடா-சுண்ணாம்புக் கண்ணாடி வந்தது. அதனால் பெயர் ஒன்றாக இருந்தும் கண்ணாடி வேறாக இருக்கலாம். (அண்ணி வீட்டில் வெடித்தது அந்தப் பெயர் கொண்டதல்ல.)

சரி, கண்ணாடி எது என்று தெரிந்துவிட்டது. ஏன் வெடித்தது?

சூட்டினால் கண்ணாடி உடைவதில்லை. ஒரே துண்டின் ஒரு பகுதி சூடாகவும் இன்னொரு பகுதி குளிர்ந்தும் இருந்தால்தான் உடையும். குளிர்ந்த பகுதி சுருங்கப் பார்க்கிறது, சூடான பகுதி விடமாட்டேன் என்கிறது. குளிர்ந்த பக்கத்தில் இழுவிசை உண்டாகிறது. அழுத்தத்தைக் கண்ணாடி எவ்வளவு வேண்டுமானாலும் தாங்கும், இழுவைத் தாங்காது. மேற்பரப்பில் உள்ள சின்னக் கீறல் அந்த இழுவையில் வாய் திறந்துகொள்ளும். இழுவிசை எவ்வளவு என்பதை முக்கியமாகத் தீர்மானிப்பது, ஒரு டிகிரிக்கு அந்தக் கண்ணாடி எவ்வளவு விரிகிறது என்பதுதான். ஒரு டிகிரி சூடு ஏறினால் ஒரு மீட்டர் நீள சோடா-சுண்ணாம்புக் கண்ணாடி சுமார் 9 மைக்ரான் நீளும். போரோசிலிகேட் 3.3 மைக்ரான்தான். கண்ணாடியின் விறைப்பையும் சேர்த்துக் கணக்குப் போட்டால், மேற்பரப்பு திடீரெனக் குளிரும் ஒவ்வொரு டிகிரிக்கும் சோடா-சுண்ணாம்புக் கண்ணாடியில் 0.8 மெகாபாஸ்கல் இழுவிசையும், போரோசிலிகேட்டில் 0.26 மெகாபாஸ்கலும் வரும். மூன்றில் ஒரு பங்கு.

அன்றைக்கு எத்தனை டிகிரி வித்தியாசம் வந்திருக்கும்? ஊகத்துக்கு விட மனமில்லை. அகச்சிவப்பு வெப்பமானி பையிலேயே இருந்தது. அம்மா பாத்திரத்தில் ஒரு கிலோ சோறு வைத்துத் தாள் மூடி, அதே 180 டிகிரியில் அதே 35 நிமிடம் வைத்துப் பார்க்கலாம் என்றேன். “அத்தை பாத்திரத்தையும் உடைச்சிடாதீங்க தம்பி” என்றார் அண்ணி. கணக்குப்படி உடையக்கூடாது என்றேன். ஆனாலும் பாதுகாப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டேன், பையனைச் சமையலறைக்கு வெளியே நிறுத்தினேன். இதை வீட்டில் யாரும் செய்து பார்க்க வேண்டாம். எந்தக் கண்ணாடி என்று உறுதியாகத் தெரிந்ததால்தான் நான் செய்தேன்.

வெளியே எடுத்ததும் விளிம்பு 168 டிகிரி, அடிப்பாகம் 139. விளிம்பைவிட அடி குறைவாக இருப்பதற்குக் காரணம் உள்ளே இருக்கும் ஈரச் சோறு. அது 100 டிகிரியைத் தாண்டாது, அதனால் அடியின் சூட்டையும் இழுத்துப் பிடித்து வைத்திருக்கிறது. ஈர வடிதட்டில் வைத்தேன், “ஸ்ஸ்”. பத்து விநாடியில் தூக்கித் துடைத்து அடியை அளந்தால் 71 டிகிரி. பத்தே விநாடியில் 68 டிகிரி இறக்கம்.

நம் ஊர்க் குழாய்த் தண்ணீர் 28 டிகிரி, சில்லென்றுகூட இருக்காது. அது எப்படி இந்த வேலையைச் செய்தது என்று அண்ணன் கேட்டார். தண்ணீர் எவ்வளவு குளிர்ந்தது என்பதல்ல இங்கே விஷயம். சூடான கண்ணாடியில் பட்டதும் அது ஆவியாகிறது, ஆவியாக வேண்டிய சூட்டைக் கண்ணாடியிடமிருந்தே உறிஞ்சுகிறது. கீழே இருக்கும் எவர்சில்வர் தகடும் சூட்டை வாங்கிப் பக்கவாட்டில் கடத்திவிடுகிறது. காற்றில் வைத்திருந்தால் இந்த 68 டிகிரி இறங்கப் பல நிமிடம் ஆகியிருக்கும், உள்ளும் வெளியும் சேர்ந்தே இறங்கியிருக்கும்.

இப்போது பெருக்கிப் பார்ப்போம். 68 டிகிரிக்குப் போரோசிலிகேட்டில் 18 மெகாபாஸ்கல். அம்மா பாத்திரம் அசையாமல் உட்கார்ந்திருந்ததற்கு இதுதான் காரணம். அதே 68 டிகிரிக்கு சோடா-சுண்ணாம்புக் கண்ணாடியில் 54. உள்ளே இருக்கும் கண்ணாடியும் கொஞ்சம் குளிர்ந்திருக்கும் என்பதால் இவை இரண்டுமே மேல்வரம்பு, உண்மையில் சற்றுக் குறைவாகவே இருந்திருக்கும். எப்படியானாலும் டெம்பர் செய்யாத, புழங்கிக் கீறல் விழுந்த கண்ணாடிக்கு அது ஆபத்தான அளவு.

ஆனால் அண்ணியின் பாத்திரம் டெம்பர் செய்தது. அதற்குத்தானே டெம்பர் செய்கிறார்கள்? வார்த்த பாத்திரத்தை 600 டிகிரிக்கு மேல் சூடாக்கி, இரு பக்கமும் காற்றை வேகமாக ஊதுவார்கள். தோல் முதலில் இறுகிவிடும். உள்ளே இருப்பது பின்னால் இறுகிச் சுருங்கும்போது தோலையும் சேர்த்து உள்ளே இழுக்கும். அதனால் தோல் நிரந்தரமாக அழுத்தத்தில் இருக்கும், நடுப்பகுதி இழுவையில் இருக்கும். வெளியிலிருந்து வரும் இழுவிசை முதலில் அந்த அழுத்தத்தைத் தின்று தீர்த்த பிறகுதான் கீறலைத் தொட முடியும். கீழே போட்டாலும் இடித்தாலும் டெம்பர் கண்ணாடி பெரும்பாலும் பிழைப்பது இதனால்தான். புதிய பாத்திரமாக இருந்திருந்தால் அன்று அந்த ஈர வடிதட்டிலும் பிழைத்திருக்கக்கூடும்.

ஆகவே இன்னொரு காரணம் இருந்தாக வேண்டும். அதைத் துண்டுகளில்தான் தேட வேண்டும். அடிப்பாகத் துண்டுகளை ஜிக்சா போலச் சேர்த்தேன், இரண்டு மணி நேரம் ஆனது. கண்ணாடியில் விரிசல் ஓடும்போது கிளை பிரிந்துகொண்டே போகும், ஆற்றின் கழிமுகம் போல. கிளைகளைப் பின்னோக்கித் தொடர்ந்தால் ஊற்றுக்கண் வரும். அப்படித் தொடர்ந்ததில் எல்லாக் கோடுகளும் ஒரு மூலைக்கு வந்து சேர்ந்தன. அடி முடிந்து பக்கச் சுவர் வளைந்து ஏறும் இடம், வெளிப்புறம். அங்கே பிறை வடிவில் ஒரு சில்லு பெயர்ந்திருந்தது. அகலம் 2 மில்லிமீட்டர்தான், விரலால் தடவினால் நெருடும். புது உடைப்பு பளபளக்கும், இது மங்கிச் சாம்பல் நிறமாக இருந்தது. உள்ளே சோப்புப் படிவு இறுகியிருந்தது. அதாவது பல மாதப் பழைய காயம்.

ஆழத்தை அளந்தேன், ஒரு மில்லிமீட்டருக்குச் சற்று மேல். அடியின் தடிமன் 5 மில்லிமீட்டர். டெம்பர் செய்த கண்ணாடியில் அழுத்தத்தில் இருக்கும் தோல், தடிமனில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்குதான், அதாவது இங்கே ஒரு மில்லிமீட்டர். சில்லின் நுனி கவசத்தை ஊடுருவி எல்லையில் போய் நின்றிருக்கிறது. இத்தனை நாளும் வாசலில் நின்ற திருடனைப் போல.

“இதை எங்க வைப்பீங்க அண்ணி?”

அண்ணி கொஞ்சம் யோசித்தார். “கீழ அலமாரியில இரும்பு தோசைக்கல்லு பக்கத்துலதான் இருக்கும். இடம் எங்க இருக்கு தம்பி?”

தோசைக்கல்தான் செய்தது என்று என்னால் நிரூபிக்க முடியாது. சில்லில் இரும்புத் தடம் எதுவும் மிஞ்சியிருக்கவில்லை. ஆனால் அந்த மூலையும் கல்லின் விளிம்பும் ஒரே உயரத்தில் இடிக்கும் என்பதை அலமாரியில் வைத்தே பார்த்தோம்.

பையன் கேட்ட “டிக்”கும் இப்போது பொருந்துகிறது. ஈர வடிதட்டில் வைத்த கணத்தில் சில்லின் நுனியிலிருந்து சின்னதாக ஒரு விரிசல் கிளம்பி நின்றிருக்கும். கண்ணாடி விரிசலின் நுனிக்குத் தண்ணீர் பட்டால், அங்கே இழுபட்டிருக்கும் பிணைப்புகளைத் தண்ணீர் மூலக்கூறுகள் ஒவ்வொன்றாக அறுக்கும். இழுவிசை கூடாமலேயே விரிசல் மெதுவாக ஊர்ந்து முன்னேறும். மேலே 100 டிகிரிச் சோறு, கீழே ஈரத் தகடு, அந்த வித்தியாசம் தொடர்ந்துகொண்டே இருந்தது. இழுவையில் இருக்கும் நடுப்பகுதிக்குள் விரிசல் நுழைந்ததும் வெளிச்சூட்டின் உதவி அதற்குத் தேவைப்படாது. டெம்பர் செய்தபோது பூட்டி வைத்த விசை முழுவதும் ஒரே நொடியில் அவிழும். “தானா வெடிச்சுது” என்று அண்ணி சொன்னது ஒரு வகையில் சரிதான். வெடிக்கும் சக்தி பாத்திரத்துக்குள்ளேயே இருந்தது.

போரோசிலிகேட் வெல்ல முடியாதது என்று இதிலிருந்து முடிவுகட்டிவிட வேண்டாம். சமையல் போரோசிலிகேட் பெரும்பாலும் டெம்பர் இல்லாதது. சூட்டு அதிர்ச்சியை நன்றாகத் தாங்கும், கைதவறி விழுந்தால் தாங்காது. உடைந்தால் நீளமான, கூரான வாள்களாக உடையும். ஃப்ரீசரிலிருந்து எடுத்து நேராக 200 டிகிரி ஓவனுக்குள் தள்ளினால் அதுவும் சோதனைதான், ஒரு சில்லு இருந்தால் போய்விடும். பையன் ஹாஸ்டலிலிருந்து வரும் வார இறுதிகளில் ஃப்ரீசர் குழம்பைக் கண்ணாடி டப்பாவோடு மைக்ரோவேவில் வைக்கிறானே, அது? மைக்ரோவேவ் கண்ணாடியை நேரடியாகச் சூடாக்குவது மிகக் குறைவு. உணவுதான் சூடாகி டப்பாவைச் சூடாக்குகிறது, தண்ணீர் இருக்கும்வரை அது 100 டிகிரியை அவ்வளவாகத் தாண்டாது. அதனால் ஓவனைவிட மென்மையான சோதனை. ஆனால் ஓரத்தில் குழம்பு கொதிக்கும்போது நடுவில் இன்னும் ஐஸ் கட்டி இருக்கும், அந்த வித்தியாசமும் வித்தியாசம்தான். முழுத் திறனில் வைக்காமல், உருக்கும் நிலையில் வைத்து நடுவே ஒருமுறை கிளறச் சொன்னேன். மைக்ரோவேவுக்கு ஆகும் என்று எழுதியிருப்பது ஓவனுக்கு ஆகும் என்று அர்த்தமல்ல என்பதும் அவனுக்கு அன்றுதான் தெரியும்.

“அப்போ பீங்கான்தான் நல்லதா?” என்று அண்ணி மூன்றாவது பாத்திரத்தைக் கொண்டுவந்தார். பாசார் மாலாமில் வாங்கிய நீலப் பாத்திரம், மேலே பளபளவென்று மெருகு, தடித்த சுவர். அதன்மேல் அவருக்கு ஏற்கெனவே ஒரு புகார் இருந்தது. மைக்ரோவேவில் வைத்தால் பாத்திரம் கையைச் சுடுகிறது, உள்ளே சாம்பார் வெதுவெதுப்பாகவே இருக்கிறது.

இதைப் பத்திரமாக வீட்டிலேயே பார்க்கலாம். காலிப் பாத்திரத்தையும் பக்கத்தில் ஒரு கப் தண்ணீரையும் சேர்த்து மைக்ரோவேவில் முழுத் திறனில் ஒரு நிமிடம் ஓடவிட வேண்டும். தண்ணீர் சூடாகிப் பாத்திரம் ஆறியே இருந்தால் நல்லது. இங்கே தலைகீழ், நீலப் பாத்திரத்தின் அடி தொட முடியாத சூடு, தண்ணீர் மந்தம். பாத்திரமே நுண்ணலையைக் குடிக்கிறது. அப்படிக் குடிப்பது பெரும்பாலும் களிமண் அல்ல, அதற்குள் ஊறியிருக்கும் தண்ணீர்.

உள்பக்கத்தைக் குழல்விளக்குக்கு நேரே சாய்த்துப் பார்த்தால் மெருகின்மேல் மஞ்சள் நிறத்தில் ஒரு சிலந்தி வலை. அண்ணி அதை டிசைன் என்று நினைத்திருந்தார். மெருகு முழுக்க மயிரிழை விரிசல் ஓடி, அதற்குள் மஞ்சள்தூள் இறங்கியிருக்கிறது. மெருகும் உள்ளே இருக்கும் மண்ணும் ஒரே அளவில் சுருங்காவிட்டால் இப்படி ஆகும். அல்லது மண் வருடக்கணக்கில் ஈரம் உறிஞ்சிக் கொஞ்சம் ஊதினாலும், நீட்டத் தெரியாத மெருகு கிழிந்துவிடும். எவ்வளவு ஈரம் என்று பார்த்தோம். 110 டிகிரியில் இரண்டு மணி நேரம் மெதுவாகக் காயவைத்தபின் 1,412 கிராம். ராத்திரி முழுக்கத் தண்ணீரில் ஊறவிட்டு, மறுநாள் துடைத்து அண்ணி எடை அனுப்பினார், 1,466. கிட்டத்தட்ட 54 மில்லிலிட்டர், பாத்திரத்தின் எடையில் 3.8 விழுக்காடு. நல்ல போர்சலின் அரை விழுக்காடுகூட உறிஞ்சாது. அடியில் மெருகு படாத வளையம் வழியாகவும் அந்த மஞ்சள் வலை வழியாகவும் தண்ணீர் உள்ளே போகிறது. கழுவிக் கவிழ்த்தால் மறுநாளும் காயாத சிங்கப்பூர்க் காற்றில் அது உள்ளேயேதான் இருக்கும். அந்த நிலையில் சூடான ஓவனுக்குள் போனால் ஊறிய நீர் ஆவியாகிச் சுவரை உள்ளிருந்து நெம்பும்.

சூட்டு அதிர்ச்சியில் செராமிக் எங்கே நிற்கிறது? ஒரே இடத்தில் நிற்பதில்லை என்பதுதான் சரியான பதில். பெரும்பாலானவற்றின் விரிவு அந்த இரண்டு கண்ணாடிகளுக்கும் நடுவில் இருக்கும். ஆனால் உடையும் விதம் வேறு. கண்ணாடியில் விரிசல் கிளம்பினால் அதைத் தடுக்க வழியில் எதுவும் இல்லை. மண்ணிலோ துளைகளும் மணல் பருக்களும் நிறைய. விரிசல் ஒரு துளைக்குள் போய் நுனி மழுங்கி நின்றுவிடும். நம் மண்சட்டியை நினைத்துப் பாருங்கள். நேரடித் தீயில் வைக்கிறோம், நடுவே தண்ணீர் ஊற்றுகிறோம். போர்சலின் தட்டைவிட எத்தனையோ மடங்கு பலவீனமான பொருள் அது. ஆனாலும் நெருப்பைத் தாங்குகிறது, ஏனென்றால் ஆயிரம் குட்டி விரிசல்களோடுதான் அது வாழ்கிறது, எதுவும் தூரம் போவதில்லை. அடர்த்தியான போர்சலின் விரிசலைக் கிளம்பவிடாது, கிளம்பினால் நிறுத்தாது. மண்சட்டி கிளம்பவிடும், ஓடவிடாது. நீலப் பாத்திரம் இரண்டுக்கும் நடுவில், இரண்டின் நல்ல குணமும் முழுதாக இல்லாமல்.

செராமிக்கின் ஒரு நல்ல பழக்கம், பெரும்பாலும் முன்கூட்டியே சொல்லிவிடும். விரல் முட்டியால் தட்டினால் நல்ல பாத்திரம் “டிங்” என்று கொஞ்ச நேரம் ஒலிக்கும். உள்ளே விரிசல் ஓடியிருந்தால் “டப்” என்று செத்த சத்தம். டெம்பர் கண்ணாடி அப்படி எதுவும் சொல்வதில்லை. அந்த நீலப் பாத்திரம் இன்னும் “டிங்” என்றுதான் சொன்னது. நன்றாகக் காயவைத்து, குளிர்ந்த ஓவனில் வைத்து, ஓவனோடு சேர்த்துச் சூடேற்றினால் இன்னும் சில காலம் போகும். மைக்ரோவேவுக்கு மட்டும் வேண்டாம் என்றேன். அந்த மஞ்சள் வலைக்குள் மஞ்சளோடு வேறென்ன வாழ்கிறதோ என்று அண்ணியே சேர்த்துச் சொல்லி அதைப் பூச்சட்டி ஆக்கிவிட்டார்.

மீதமிருந்த கண்ணாடிப் பாத்திரங்களைப் பிரிக்க எண்ணெய் அபிஷேகம் தேவைப்படவில்லை. மடிக்கணினியின் வெள்ளைத் திரையையும், அண்ணன் வண்டி ஓட்டும்போது போடும் போலரைஸ்டு கறுப்புக் கண்ணாடியையும் எடுத்தோம். கறுப்புக் கண்ணாடியைத் திருப்பிக்கொண்டே வந்தால் ஒரு கோணத்தில் திரை இருண்டுவிடும். அப்படியே பிடித்து நடுவில் பாத்திரத்தை வைத்தால், டெம்பர் செய்ததாக இருந்தால் மூலைகளிலும் விளிம்புகளிலும் வெளிச்சப் பட்டைகளும் மங்கிய நிறங்களும் ஒளிரும். பூட்டி வைத்த விசைதான் அது. டெம்பர் இல்லாதது இருண்டே இருக்கும். நான்கு பாத்திரத்தில் மூன்று ஒளிர்ந்தன. அவற்றின் அடிமூலைகளை விரலால் தடவி, நெருடிய ஒன்றை ஒதுக்கினோம். மற்ற இரண்டும் ஓவனுக்குப் போகலாம், இறங்குமிடம் மட்டும் காய்ந்த மரப்பலகையாக இருக்க வேண்டும். சோறு வற்றிவிட்டதென்று நடுவில் தண்ணீர் ஊற்றுவதானால் கொதிக்கும் தண்ணீர், அதுவும் சோற்றின்மேல், வெறும் கண்ணாடியில் அல்ல. துண்டுகளைத் தடித்த அட்டைப் பெட்டியில் ஒட்டிக் குப்பையில் போட்டோம். போரோசிலிகேட்டோ டெம்பர் செய்ததோ, சமையல் கண்ணாடியைப் பாட்டில்களோடு மறுசுழற்சித் தொட்டியில் போடக்கூடாது.

தீபாவளியன்று அம்மாவுக்கு வீடியோ அழைப்பு. அண்ணி நடந்ததையெல்லாம் சொல்லி, “உங்க பாத்திரம்தான் அத்தை தங்கம், இருபது வருஷம் ஓவன்ல கிடந்தும் அசையல” என்று காட்டினார்.

அம்மா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு திரைக்கு அருகே வந்து பார்த்தார். “அதையா ஓவன்ல வச்சீங்க? அதுல நான் தயிர்தானேம்மா உறை ஊத்துவேன்.”